ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி

சனிக்கிழமை காலையில் வங்கிக்குக் கிளம்புகிறவர் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்பார்: "இன்னிக்கு ரெண்டாவது சனியா?" 2015 செப்டம்பர் 1 முதல் இந்திய வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை. மற்ற சனிக்கிழமைகளில் முழு வேலைநாள். இதைப் பலர் 'ஒரு சனி விட்டு ஒரு சனி' என்றுதான் மனதில் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான மாதங்களில் அந்தக் கணக்கு சரியாகவே வரும். 2026 ஜனவரியை எடுத்துப் பார்த்தால் அது எங்கே உடைகிறது என்று தெரியும்.

அந்த மாதத்தில் 10, 24 ஆகிய சனிக்கிழமைகள் வங்கி விடுமுறை. 31ஆம் தேதியும் சனிதான், ஆனால் ஐந்தாவது சனி என்பதால் வங்கி உண்டு. பிப்ரவரி 7 முதல் சனி, அன்றும் வங்கி உண்டு. அடுத்த விடுமுறை பிப்ரவரி 14. இரண்டு விடுமுறைச் சனிகளுக்கு நடுவே மூன்று வாரம் ஓடிவிட்டது. ஒன்றுவிட்ட சனி என்று எண்ணிக்கொண்டிருந்தவர் 7ஆம் தேதி வீட்டிலேயே இருந்திருப்பார். 14ஆம் தேதி போய்ப் பூட்டிய கதவைப் பார்த்திருப்பார்.

மனிதர் பக்கத்து வீட்டில் கேட்டுச் சமாளித்துக்கொள்வார். கைபேசியில் இருக்கும் காலண்டருக்கும், சம்பளம் போடும் மென்பொருளுக்கும், மாதாமாதம் தவணை பிடிக்கும் கணினிக்கும் அந்த வசதி கிடையாது. 'திரும்பத் திரும்ப வரும் நாள்' என்பதை அவற்றுக்கு ஒரு விதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். தினமும், வாரா வாரம் என்றால் எளிது. ஒன்றுவிட்ட வெள்ளி, மாதக் கடைசி நாள், கடைசி வேலைநாள் என்று வரும்போதுதான் கவனம் தேவைப்படுகிறது. இவற்றில் விதி தப்பாக இருந்தாலும் முதல் சில தேதிகள் சரியாகவே வந்துவிடும். குட்டு உடைய சில மாதங்கள் ஆகும்.

இந்த விதிகளை எழுதுவதற்குப் பொதுவான ஒரு முறை உண்டு. காலண்டர் செயலிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ளப் பயன்படும் ஐகேலண்டர் தரம் 1998இல் வெளியானது, 2009இல் ஆர்.எஃப்.சி. 5545 என்ற எண்ணோடு திருத்தி எழுதப்பட்டது. அழைப்பிதழோடு மின்னஞ்சலில் வரும் `.ics` கோப்புகள் இந்தத் தரத்தில் எழுதப்பட்டவை. அதில் `RRULE` என்று தொடங்கும் ஒற்றை வரிதான், நிகழ்ச்சி எப்போதெல்லாம் திரும்ப வரும் என்பதைச் சொல்கிறது.

ஒரு கற்பனை உதாரணம். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் 2026 ஜனவரி 9, வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்குக் கூடுகிறது. இனி வெள்ளிக்கிழமைகளில் இப்படித் தொடர்ந்து கூட வேண்டும், பராமரிப்புத் தொகைக்கான நினைவூட்டல் மாதக் கடைசி நாளில் போக வேண்டும் என்று முடிவாகிறது. செயலாளர் காலண்டரைத் திறக்கிறார். ஜனவரி 9 அந்த மாதத்தின் இரண்டாவது வெள்ளி. அதிலிருந்து இரண்டு விதமாகத் தொடரலாம்.

```
FREQ=MONTHLY;BYDAY=2FR
FREQ=WEEKLY;INTERVAL=2;BYDAY=FR
```

முதல் வரி, மாதந்தோறும் இரண்டாவது வெள்ளி. அதன்படி கூட்டம் ஜனவரி 9, பிப்ரவரி 13, மார்ச் 13, ஏப்ரல் 10 என்று வரும். ஆண்டுக்குப் பன்னிரண்டு கூட்டம். இரண்டாவது வரி, இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளி. அதன்படி ஜனவரி 9, ஜனவரி 23, பிப்ரவரி 6, பிப்ரவரி 20 என்று போகும். 2026இல் இருபத்தாறு கூட்டம், மே மாதத்தில் 1, 15, 29 என மூன்று. 'செகண்ட் ஃப்ரைடே' என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்த செயலாளருக்கு இதில் எது என்று தெரியாது. எழுதும் முன் கேட்டுவிட வேண்டிய கேள்வி, ஆண்டுக்கு எத்தனை கூட்டம் என்பதுதான். பன்னிரண்டா இருபத்தாறா என்ற பதிலில் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த இரண்டு விதிகளுக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. மாதத்தின் இரண்டாவது வெள்ளியைக் கண்டுபிடிக்க அந்த மாதத்துக் காலண்டர் தாள் ஒன்று போதும். அது எப்போதும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். ஆனால் ஒன்றுவிட்ட வெள்ளியை எந்தத் தாளைப் பார்த்தும் சொல்ல முடியாது. எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம் என்று தெரிந்தால்தான் இந்த வெள்ளியா அடுத்த வெள்ளியா என்று சொல்லலாம். அந்தத் தொடக்கத் தேதி விதியின் ஒரு பகுதி. காலண்டர் கோப்பில் அது `DTSTART` என்ற வரியில் இருக்கும். யாராவது பழைய கூட்டங்கள் வேண்டாம் என்று அந்தத் தேதியை ஒரு வாரம் தள்ளி வைத்தால், அதன் பிறகு வரும் கூட்டங்கள் அத்தனையும் ஒரு வாரம் தள்ளிப் போகும்.

தொடக்கத் தேதியை வைத்துக்கொள்ள இடமில்லாத இடங்களில் நிரலர்கள் குறுக்குவழி ஒன்றைப் பிடிப்பதுண்டு. ஆண்டின் வாரங்களுக்கு எண் கொடுக்கும் பன்னாட்டு முறை ஒன்று இருக்கிறது. ஜனவரி 9 அந்தக் கணக்கில் இரண்டாவது வாரம். ஆகவே 'இரட்டைப்படை வாரத்து வெள்ளி' என்று எழுதிவிட்டால் ஜனவரி 9, 23, பிப்ரவரி 6 எல்லாம் சரியாக விழுகின்றன. ஆண்டு முழுக்க ஒரு தேதிகூடத் தப்பாது. டிசம்பர் 25, 52ஆவது வாரம், அதுவும் சரி.

சிக்கல் அதற்கு அடுத்த வாரம். 2026க்கு 53 வாரங்கள். 2027 ஜனவரி 1ஆம் தேதி வெள்ளி 53ஆவது வாரத்தில் இருக்கிறது. ஜனவரி 8 புதிய ஆண்டின் முதல் வாரம். இரண்டுமே ஒற்றைப்படை. இரட்டைப்படை வாரத்துக்காகக் காத்திருக்கும் நிரல் ஜனவரி 15 வரை பேசாமல் இருக்கும். டிசம்பர் 25லிருந்து பதினான்கு நாள் எண்ணினால் வர வேண்டிய கூட்டம் ஜனவரி 8; நிரல் அதைத் தவறவிட்டு, மூன்று வார இடைவெளி விட்டு, அதன் பிறகு மாற்று வாரத்தில் ஓடும். ஒற்றைப்படை என்று எழுதியிருந்தால் நேர்மாறாக, ஜனவரி 1, 8 என்று அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு முறை வரும். 53 வார ஆண்டு ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. அதனால்தான் எழுதியவர் வேறு வேலைக்குப் போன பிறகு இந்தப் பிழை தலைகாட்டுகிறது.

வாரத்துக்கு எண் தேடாமல் நாளை எண்ணுவதே இதற்கு மருந்து. பைத்தானில் ஒரே வரி:

```
(today - date(2026, 1, 9)).days % 14 == 0
```

தொடக்கத்திலிருந்து இன்றுவரை கழிந்த நாட்கள் பதினான்கால் மீதியின்றி வகுபட்டால் இன்று கூட்டம். ஆண்டு மாறினாலும் லீப் ஆண்டு வந்தாலும் இந்தக் கணக்கு அசையாது.

ஆண்டுக்கு இருபத்தாறு என்று மேலே சொன்னதிலும் ஒரு விதிவிலக்கு ஒளிந்திருக்கிறது. ஜனவரி 9க்குப் பதிலாக ஜனவரி 2இல் தொடங்கியிருந்தால் 2026இல் இருபத்தாறு வெள்ளி வரும். 2027இலோ ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிய இருபத்தேழு. அமெரிக்காவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் தருவது பரவலான வழக்கம். ஆண்டுச் சம்பளத்தை இருபத்தாறால் வகுத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் இப்படி ஓர் ஆண்டு வரும்போது, ஒரு சம்பளம் கூடுதலாகத் தருவதா, இருபத்தேழால் வகுப்பதா என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

சங்கத்தின் இரண்டாவது முடிவு மாதக் கடைசி நாள். செயலாளர் ஜனவரி 31இல் நினைவூட்டலை வைத்து 'மாதந்தோறும்' என்று அழுத்துகிறார். செயலி அதை `BYMONTHDAY=31` என்று எழுதிக்கொள்கிறது. இல்லாத தேதி வந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டும் என்பது ஐகேலண்டர் தரத்தின் தீர்ப்பு. ஆகவே பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்களில் நினைவூட்டல் வராது. வந்த நினைவூட்டல் தப்பாக இருந்தால் யாராவது சொல்வார்கள். வராத நினைவூட்டலைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. வசூல் குறைந்த பிறகுதான் தெரியும்.

இதற்கான சரியான விதி, பின்னாலிருந்து எண்ணுவது:

```
FREQ=MONTHLY;BYMONTHDAY=-1
```

கழித்தல் ஒன்று என்றால் கடைசி நாள், கழித்தல் இரண்டு என்றால் கடைசிக்கு முந்தைய நாள். மாதத்துக்கு 28 நாளா 31 நாளா என்ற கேள்வியே எழாது. கடைசி வெள்ளி வேண்டுமானால் `BYDAY=-1FR`. செயலியின் திரையில் கடைசி நாள் என்ற தெரிவு இல்லாவிட்டால், நிகழ்ச்சியை 1ஆம் தேதியில் வைத்து, ஒரு நாள் முன்னதாக நினைவூட்டும்படி சொல்லிவிடலாம். 1ஆம் தேதி இல்லாத மாதம் கிடையாது. அதற்கு முந்தைய நாள் எப்போதும் மாதக் கடைசிதான்.

சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் வேறொரு பள்ளத்தில் விழுகிறார்கள். முந்தைய தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டி அடுத்த தேதியைக் கண்டுபிடிப்பது இயல்பாகத் தோன்றும் வழி. ஜனவரி 31 உடன் ஒரு மாதம் கூட்டினால் பல நிரல்தொகுப்புகள் பிப்ரவரி 28 என்று சுருக்கிக் கொடுக்கும். அதிலிருந்து இன்னொரு மாதம் கூட்டினால் மார்ச் 28. பிறகு ஏப்ரல் 28, மே 28. கடைசி நாள் என்று தொடங்கியது ஒரு பிப்ரவரியைத் தாண்டியதும் 28ஆம் தேதியாக நிலைத்துவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டின் `setMonth` இன்னொரு விதம்: இல்லாத பிப்ரவரி 31ஐ முன்னே தள்ளி, 2026இல் மார்ச் 3 என்று தரும். பிப்ரவரி காணாமலே போய்விடும்.

ஒவ்வொரு முறையும் முதல் தேதியிலிருந்தே கூட்டினால், அதாவது ஜனவரி 31 உடன் ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று கூட்டினால், பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று சரியாக வரும். ஆனால் பிப்ரவரி 28இல் தொடங்குகிற ஒருவருக்கு இதுவும் உதவாது. அவர் நினைத்தது 28ஆம் தேதியா, மாதக் கடைசியா? தேதியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. மென்பொருள் அதை வெளிப்படையாகக் கேட்டு, விடையைத் தனியாகச் சேமித்து வைக்க வேண்டும்.

நடுவே நிற்கும் இன்னொரு தேவையும் உண்டு. வீட்டு வாடகை 30ஆம் தேதி, பிப்ரவரியில் மட்டும் கடைசி நாள். இதற்கு ஓர் அழகான விதி இருக்கிறது:

```
FREQ=MONTHLY;BYMONTHDAY=28,29,30;BYSETPOS=-1
```

28, 29, 30 மூன்றையும் பொறுக்கியெடு, அவற்றில் அந்த மாதத்தில் உண்மையில் இருப்பவற்றுள் கடைசியை வைத்துக்கொள் என்பது இதன் பொருள். பிப்ரவரியில் 28 அல்லது 29, மற்ற மாதங்களில் 30. கடைசியில் இருக்கும் `BYSETPOS` என்ற பகுதிதான் பொறுக்கிய பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்கிறது.

மாதத்தின் கடைசி வேலைநாளை எழுதுவதும் இதே உத்திதான். திங்கள் முதல் வெள்ளி வரை எல்லா நாட்களையும் எடுத்து அவற்றில் கடைசியை வைத்துக்கொள்ளலாம். ஐந்து நாள் வேலை வாரம் உள்ள அலுவலகத்துக்கு அது பொருந்தும். 2026 ஜனவரிக்கு 30ஆம் தேதி வெள்ளி என்று சொல்லும். இந்திய வங்கிக்கு அது தவறு. ஜனவரி 31 ஐந்தாவது சனி, வங்கி திறந்திருக்கும். ஆகவே விதியில் சனிக்கிழமைகளை எண்ணோடு சேர்க்க வேண்டும்:

```
FREQ=MONTHLY;BYDAY=MO,TU,WE,TH,FR,1SA,3SA,5SA;BYSETPOS=-1
```

இது ஜனவரிக்கு 31 என்று தரும். பிப்ரவரி 28உம் சனிதான், ஆனால் நான்காவது சனி. ஆகவே 27ஆம் தேதி வெள்ளி என்று தரும். வங்கிகளின் வேலைநாட்கள் மாறினால் இந்த வரியையும் மாற்ற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

பண்டிகையும் அரசு விடுமுறையும் எந்த விதிக்கும் தெரியாது. சங்கத்தின் ஒன்றுவிட்ட வெள்ளிகளைப் பாருங்கள்: ஏப்ரல் 3 புனித வெள்ளி, மே 1 தொழிலாளர் தினம், அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, டிசம்பர் 25 கிறிஸ்துமஸ். இவற்றைத் தவிர்க்க `EXDATE` என்று தனி வரி எழுத வேண்டும்.

```
DTSTART;TZID=Asia/Kolkata:20260109T190000
RRULE:FREQ=WEEKLY;INTERVAL=2;BYDAY=FR
EXDATE;TZID=Asia/Kolkata:20260403T190000,20260501T190000
```

இதில் இரண்டு இடங்களில் கால் இடறும். நீக்கும் தேதியோடு நிகழ்ச்சியின் நேரமும் அப்படியே பொருந்த வேண்டும். இரவு ஏழு மணிக் கூட்டத்தை நீக்கத் தேதியை மட்டும் எழுதினால், கூட்டம் அசையாமல் காலண்டரிலேயே உட்கார்ந்திருக்கும். மற்றொன்று எண்ணிக்கை. பத்துக் கூட்டம் போதும் என்று `COUNT=10` சேர்த்தால் விதி ஜனவரி 9 முதல் மே 15 வரை பத்துத் தேதிகளை உருவாக்கும். அதிலிருந்து ஏப்ரல் 3, மே 1 நீக்கப்படும். மிஞ்சுவது எட்டுக் கூட்டம். நீக்கியதற்கு ஈடாக விதி தானாக நீளாது. நீக்கிய கூட்டத்தை வேறு நாளுக்கு நகர்த்தவும் செய்யாது. மாற்று நாள் வேண்டுமானால் அதை `RDATE` என்று தனியாகச் சேர்க்க வேண்டும்.

லினக்ஸ் கணினிகளில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது `cron`. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து இடங்களை நிரப்புவதுதான் அதன் மொழி. இரண்டாவது வெள்ளி 8 முதல் 14க்குள் வரும் என்று தெரிந்தவர் `0 9 8-14 * 5` என்று எழுதுவார். படிப்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் தேதி, கிழமை இரண்டையும் இப்படி நிரப்பினால் `cron` இரண்டும் பொருந்த வேண்டும் என்று கொள்வதில்லை. ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்று கொள்கிறது. 2026 ஜனவரியில் 8 முதல் 14 வரை ஏழு நாளும், அதற்கு வெளியே 2, 16, 23, 30 ஆகிய வெள்ளிகளும் சேர்ந்து பதினொரு நாள் வேலை ஓடும். கிழமையைச் சோதிக்கும் பொறுப்பைக் கட்டளைக்குள் தள்ளிவிடுவதே வழக்கமான தீர்வு:

```
0 9 8-14 * * [ "$(date +\%u)" = 5 ] && ./notice.sh
0 9 28-31 * * [ "$(date -d tomorrow +\%d)" = 01 ] && ./notice.sh
```

முதல் வரி இரண்டாவது வெள்ளி. இரண்டாவது வரி மாதக் கடைசி: நாளைய தேதி 1 என்றால் இன்று கடைசி நாள். சதவீதக் குறிக்கு முன்னால் உள்ள சாய்கோட்டை விட்டுவிட்டால் `cron` அந்த இடத்திலேயே கட்டளையை வெட்டிவிடும்.

எந்த விதியாலும் பிடிக்க முடியாத நாட்களும் உண்டு. அமாவாசையும் பௌர்ணமியும் ஆங்கில மாதக் கணக்கில் அடங்காதவை. சீன, யூத நாட்காட்டிகளின்படியும் விதி எழுதுவதற்கு 2015இல் ஆர்.எஃப்.சி. 7529 ஒரு விரிவாக்கத்தைத் தந்தது. திதியோ சூரியனும் சந்திரனும் நிற்கும் நிலையைக் கணக்கிட்டு வருவது. எனவே பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த ஆண்டின் தேதிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுவதுதான் அங்கே வழி.

எழுதிய விதி சரியா என்று பார்க்க, வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பதில் பயனில்லை. அது உருவாக்கும் தேதிகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு வரிசையாக அச்சிட்டு, உண்மைக் காலண்டரோடு ஒப்பிட வேண்டும். எல்லாத் தேதிகளையும் சரிபார்க்க வேண்டியதில்லை. சிக்கலான சில இடங்கள் போதும். ஜனவரி 9இல் தொடங்கிய ஒன்றுவிட்ட வெள்ளிக்கு 2026 டிசம்பர் 25ஐ அடுத்து 2027 ஜனவரி 8 வர வேண்டும். இரண்டாவது வெள்ளிக்கு, மிக முன்னதாக விழும் 2027 ஜனவரி 8உம் மிகப் பின்தங்கி விழும் 2027 மே 14உம் பட்டியலில் இருக்க வேண்டும். மாதக் கடைசிக்கு 2027 பிப்ரவரி 28, அதையடுத்து மார்ச் 31, பிறகு லீப் ஆண்டான 2028இன் பிப்ரவரி 29. வங்கியின் கடைசி வேலைநாள் என்றால் 2027 பிப்ரவரிக்கு 26ஆம் தேதி வர வேண்டும்: 28 ஞாயிறு, 27 நான்காவது சனி.